சிறை வாசலில் கேட்கப்படும் கேள்விகள்: சிறைத்துறைத் தலைவருக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறைத்துறைத் தலைவர் அவர்களுக்கும், மாநில மனநல ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும்,

அண்மையில் ஒரு மத்திய சிறையில் உள்சுற்றறிக்கை ஒன்று பிறப்பிக்கப்பட்டிருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு சிறைவாசியிடமும் மனநலம் குறித்த கேள்விகளை அனுமதிப் பிரிவில் பணியிலிருக்கும் காவலரே கேட்க வேண்டும். விடைகளை அனுமதிப் பதிவேட்டில் குறித்து, நகலை வாரண்டுடன் சேர்த்து அலுவலகக் கோப்பில் வைக்க வேண்டும். மருத்துவ அலுவலர் மறுநாள் பார்த்துக் கையொப்பமிட்டால் போதும் என்பது அதன் சாரம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு மருத்துவர் இருப்பதில்லை, நீதிமன்றத்திலிருந்து ஆட்கள் வருவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சிறையில் மனநலச் சமூகப் பணியாளராக ஒப்பந்த அடிப்படையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த ஏற்பாட்டை ஏற்க முடியாத காரணங்களை எழுதுகிறேன். சிறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்குள்ள அலுவலர்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை. ஆள் பற்றாக்குறைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இது. ஆனால் ஒரு சிறையில் எளிதாக இருப்பது அடுத்த சிறைக்கும் முன்மாதிரியாகிவிடும் என்பதால்தான் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

அனுமதி நேரம் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். வழிக்காவலர்கள் ஆறேழு பேரை ஒன்றாக அழைத்து வருவார்கள். வாரண்டைச் சரிபார்த்து, உடைமைகளை எழுதி வாங்கி, சோதனையிட்டு, அங்க அடையாளங்களைக் குறித்து முடிப்பதற்குள் லாக்கப் நேரம் நெருங்கிவிடும். மேசைக்கு ஒரு பக்கம் சிறைக் காவலர். அவருக்குப் பின்னால், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகக் காத்திருக்கும் போலீஸ்காரர். சிறைவாசிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மற்றவர்கள். இந்த நிலையில் ஒருவரிடம், “மனநலப் பிரச்சினை ஏதாவது உண்டா? குடிப்பழக்கம் உண்டா? தற்கொலை எண்ணம் உண்டா?” என்று ஒரே மூச்சில் கேட்டால், மூன்றுக்கும் “இல்லை” என்ற ஒரே விடைதான் வரும். மேசைக்கு அந்தப் பக்கம் நானே நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த “இல்லை” எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைக் கடந்த கொத்தனார். குடும்பச் சண்டை ஒன்று அடிதடியாகி ரிமாண்டில் வந்தவர். பல ஆண்டுகளாகத் தினமும் காலையிலேயே குடிக்கத் தொடங்குபவர். அப்போதிருந்த அனுமதிப் படிவத்தில் ‘மது’ என்ற கட்டத்தில் “இல்லை” என்று எழுதப்பட்டிருந்தது. குடித்துவிட்டு அடித்ததாகத்தான் வழக்கே இருக்கும்போது, கைது செய்த போலீஸ்காரர் காதுபட யார்தான் “குடிப்பேன்” என்பார்கள்? ஜாமீன் கிடைக்காது என்று பயந்துதான் அப்படிச் சொன்னதாக அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கிவிடலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம், நான்காம் நாட்களில் சிலருக்கு ஆள், இடம், நேரம் தெரியாத கடுமையான குழப்பம் ஏற்படும். இல்லாத பூச்சிகள் ஊர்வதுபோல் தெரியும். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. முதல் மாலையே தெரிந்திருந்தால் டயஸெபாம் அல்லது லோரஸெபாம் மாத்திரைகளைக் குறைத்துக்கொண்டே போகும் அளவில் கொடுத்து, தையமின் ஊசி போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாடியையும் நடுக்கத்தையும் பார்த்தாலே பெரும்பாலானோரைச் சிக்கலின்றிக் கடத்திவிடலாம். இவை எந்தச் சிறை மருத்துவமனைக்கும் எட்டாத மருந்துகள் அல்ல.

இவருக்கு முதல் இரண்டு நாள் நடுக்கத்தைப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள்தான் பார்த்தார்கள். யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு, சுவரிலிருந்து எதையோ பிய்த்து எடுத்துக்கொண்டே, அங்கில்லாத மேஸ்திரியிடம் சாந்து கேட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். கம்பிக் கதவை உலுக்கியிருக்கிறார். பதிவேட்டில் அது ‘ஒழுங்கீனம்’ என்று ஏறியது. அவர் தனி அறைக்கு மாற்றப்பட்டார். காலையில் சுற்றுக்கு வந்த செவிலியர் தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. தன் ஊர் எது என்றுகூட அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. வழிக்காவல் கிடைத்தது பிற்பகலில். பிழைத்துக்கொண்டார் என்பது அந்தச் செவிலியரின் கவனத்தால்.

கதை அதோடு முடியவில்லை. மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கம் அலுவலகக் கோப்புக்குப் போனது. கோப்பு எடுப்பவர், வைப்பவர், எழுத்து வேலைக்கு உதவும் தண்டனைக் கைதி என்று எல்லோர் கண்ணிலும் பட்டது. திரும்பி வந்த வாரத்திலேயே அவருக்கு ஒரு பட்டப்பெயர் ஒட்டிவிட்டது. மனுப் போட்டு அவரைப் பார்க்க வந்த தம்பிக்கு, “உங்க அண்ணனுக்கு மெண்டல் ட்ரீட்மெண்ட் நடக்குது” என்ற செய்தியை வாசலில் நின்ற காவலரே சொல்லிவிட்டார். அதன்பிறகு அவர் தூக்கமில்லை என்றுகூட மருத்துவரிடம் சொல்லவில்லை. அவரைப் பார்த்த அந்தத் தொகுதியிலிருந்த மற்றவர்களும் சொல்லவில்லை. ஒருவருடைய ரகசியம் கசிந்தால் அடுத்து வரும் பத்துப் பேரின் விடைகளும் பொய்யாகிவிடுகின்றன.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்கீழ் 2018-இல் வகுக்கப்பட்ட, மனநோயுற்றோரின் உரிமைகள் தொடர்பான விதிகள், சிறைகளுக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகவே வகுத்துள்ளன. சிறைக்குள் நுழையும்போது எல்லோருக்கும் உடல், மனநிலைப் பரிசோதனை கட்டாயம் என்கின்றன. மது, போதைப் பழக்கத்தைக் கேள்விப் படிவத்தால் கண்டறிய வேண்டும் என்கின்றன. மனநிலைப் பரிசோதனை என்பது மருத்துவம் பயின்றவர் ஆளைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, நினைவையும் கவனத்தையும் சோதித்து எழுதுவது. பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதுவது பரிசோதனையாகாது. ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: 30-ஆவது விதி, சிறைவாசி வந்தவுடன் இயன்ற விரைவில் தற்கொலை அபாயத்தையும் போதை நிறுத்தத்தின் அறிகுறிகளையும் பார்க்கச் சொல்கிறது, 31-ஆவது விதி, மருத்துவப் பரிசோதனைகளை முழு ரகசியத்துடன் நடத்தச் சொல்கிறது.

சுற்றறிக்கையோடு இணைக்கப்பட்டிருக்கும் எட்டுக் கேள்விகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை அமெரிக்கச் சிறைகளில் பயன்படும் ஒரு சுருக்கப் படிவத்தின் தமிழ் வடிவம். நல்ல படிவந்தான், மூன்று நிமிடத்தில் முடியும். ஆறு கேள்விகள் இப்போதைய அறிகுறிகளைப் பற்றியவை, இரண்டு முன்னர் மருத்துவமனையில் இருந்ததையும் இப்போது மருந்து எடுப்பதையும் பற்றியவை. முதல் ஆறில் இரண்டுக்கு, அல்லது கடைசி இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தால் மேல்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அது கடுமையான மனநோயைத் தேடுவதற்கென்று உருவானது. தற்கொலை எண்ணம் பற்றியோ மது பற்றியோ அந்த எட்டில் ஒரு கேள்வியும் இல்லை. பெண்களிடம் அது ஆண்களிடம் உள்ள அளவுக்குத் துல்லியமாக இல்லை என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம். படிவத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதன் எல்லையை எடுத்துக்கொள்ளவில்லை. அதனோடு ஆறு கேள்விகளாவது சேர வேண்டும்: கடைசியாக எப்போது குடித்தீர்கள், நிறுத்தியபோது கை நடுங்கியதோ வலிப்பு வந்ததோ உண்டா, முன்பு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதுண்டா, இப்போது அந்த எண்ணம் வருகிறதா, வெளியே என்ன மருந்து சாப்பிட்டுவந்தீர்கள், கடைசி மாத்திரை எப்போது.

கடைசிக் கேள்வியை அலட்சியமாகக் கேட்டுவிட முடியாது. குளோசபின் என்ற மனச்சிதைவு நோய் மருந்தை இரண்டு நாளுக்கு மேல் விட்டவருக்குப் பழைய அளவைத் திரும்பக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகலாம், 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கடைசி மாத்திரை எப்போது என்பது தெரியாத மருத்துவர் இதை எப்படி முடிவு செய்வார்? மருந்துச் சீட்டு பெரும்பாலும் வாசலில் வாங்கி வைக்கப்பட்ட உடைமைப் பையில்தான் இருக்கும் என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது, ‘ஆம்’ என்று விடை வந்தபின் என்ன நடக்கிறது என்பது. சுற்றறிக்கையில் இதற்கு ஒரே ஒரு வரி: “தேவைப்படின் மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்கவும்.” தேவையா இல்லையா என்பதை யார், எதை வைத்து முடிவு செய்வது? குறைந்தது மூன்று வழிகளாவது நேரக் கணக்கோடு பிரிக்கப்பட வேண்டும். இன்றிரவே மருத்துவர் பார்க்க வேண்டியவர்கள் ஒரு பிரிவு: தினக் குடிகாரர், குழப்பத்தில் இருப்பவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொல்பவர், பிறர் காதில் விழாத குரல் தன்னை ஏவுவதாகச் சொல்பவர். மருந்து தொடர வேண்டியவர்களையும் முன்பு சிகிச்சை பெற்றவர்களையும் மறுநாளுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். மற்ற ‘ஆம்’களைச் சிறை உளவியலாளர் ஒரு வாரத்துக்குள் உட்கார வைத்துப் பேச வேண்டும். ‘இல்லை’ என்றவர்களையும் அந்த வாரத்துக்குள் இரண்டாம் முறை கேட்க வேண்டும். வந்த மாலையில் வாய் திறக்காதவர், வீட்டார் வந்து பார்த்துப்போன பிறகு திறப்பார். இங்கிலாந்தில் 2016 முதல் நடைமுறையிலுள்ள வழிகாட்டுதலும் அறை ஒதுக்குவதற்கு முன் ஒரு பரிசோதனை, ஏழு நாட்களுக்குள் இன்னொன்று என்றுதான் வகுத்திருக்கிறது.

மனநல மருத்துவர் சிறைக்கு வருவது வாரத்துக்கு ஒரு நாள் என்றால், வெளியே அனுப்புவதற்கு வழிக்காவல் வேண்டும். வழிக்காவலுக்கு ஆயுதப்படையைக் கேட்க வேண்டும். அன்று பந்தோபஸ்து இருந்தால் ஆள் கிடைக்காது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இருக்கும் நிலைமையைச் சொல்கிறேன். ஆனால் காவல் நீட்டிப்புக்காக பெரும்பாலான சிறைகளில் காணொலி அறை இருக்கிறது. நீதிபதி திரையில் தோன்றும் அதே அறையில், நீதிமன்ற வேலை முடிந்தபின் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தோன்றுவதற்கு என்ன தடை? எல்லாம் திரையில் முடியாது. மூன்றாம் நாள் குழப்பத்தில் இருப்பவரைக் கட்டாயம் மருத்துவமனைக்கு அனுப்பத்தான் வேண்டும், அதற்கு மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு உயிருக்கு ஆபத்தான நிலையில் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சைக்கு இடம் தருகிறது. வாரியத்தின் முன்னனுமதி, 103-ஆவது பிரிவின்கீழ் மனநல நிறுவனத்துக்கு மாற்றும்போது தேவைப்படுவது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால் தாமதமான பரிந்துரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதே 103-ஆவது பிரிவில் ஆணையம் கவனிக்க வேண்டிய ஒரு விசித்திரமும் உண்டு. சிறையில் மனநோயுற்ற சிறைவாசிகள் யாரும் இல்லை என்று சான்றளித்துச் சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். மனநோயுற்றவர் உரிய இடத்துக்கு மாற்றப்படாமல் சிறையில் அடைந்து கிடக்கக் கூடாது என்பதே நோக்கம் என்று புரிந்துகொள்கிறேன். நடைமுறையில் அது ‘இல்லை’ என்று எழுதத் தூண்டும் படிவமாகிவிட்டது. வாசலில் ‘இல்லை’ என்று எழுதினால் மூன்று மாத அறிக்கையிலும் ‘இல்லை’ என்று எழுதுவது எளிது. வாசலில் தேடிக் கண்டுபிடித்தால், ஏன் இன்னும் இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வாரியம் கேட்கும். நன்றாகப் பரிசோதிக்கும் சிறைக்குக் கேள்வி, பரிசோதிக்காத சிறைக்கு நிம்மதி.

இனி ரகசியம். எல்லாவற்றையும் ரகசியமாக வைக்க முடியும் என்று நான் வாதாடவில்லை. அப்படி வாக்குக் கொடுப்பது சிறைவாசியை ஏமாற்றுவது. சட்டத்தின் 23-ஆவது பிரிவு ரகசிய உரிமையைத் தந்து, விலக்குகளையும் சொல்கிறது: சிகிச்சை அளிக்கும் பிற மருத்துவப் பணியாளர்கள், சிறைவாசி நியமித்த பிரதிநிதி, பிறருக்கு நேரக்கூடிய தீங்கு, உயிருக்கு ஆபத்து, நீதிமன்றம் அல்லது வாரியத்தின் உத்தரவு, பொதுப் பாதுகாப்பு. தீங்கைத் தடுப்பதற்காகச் சொல்லும்போதும், அதைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் சொல்லலாம் என்கிறது. இந்த அளவு என்ற சொல்தான் சிறை நடைமுறையில் காணாமல் போகிறது. கண்காணிப்பாளருக்குத் தெரிய வேண்டியது, “இவரைத் தனியாக அடைக்க வேண்டாம், மூன்று நாள் இரவு மணிக்கொருமுறை பாருங்கள், மாத்திரையைக் கண்முன் விழுங்கச் செய்யுங்கள், நடுக்கமோ பிதற்றலோ கண்டால் உடனே அழையுங்கள்” என்பது. அவருக்கு என்ன நோய், எத்தனை வயதில் தொடங்கியது, வீட்டில் என்ன நடந்தது என்பவை தேவையில்லை. முன்னதை ஓர் அறிவுறுத்தல் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னதை மருத்துவமனைப் பூட்டுக்குள் வைக்கலாம்.

வழக்கு பற்றிய பேச்சு இன்னும் நுட்பமானது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, மருத்துவரிடம் சொல்வதற்குக் கிடையாது. கோப்பை நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆகவே கேட்பவர் சம்பவத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது. சிறைவாசி தானாகச் சொல்லத் தொடங்கினாலும் நிறுத்தி, “அதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்” என்று சொல்லப் பழக வேண்டும். நான் பார்த்த பழைய படிவங்களில், ‘நோயின் வரலாறு’ என்ற இடத்தில் குற்ற ஒப்புதலுக்கு நிகரான வரிகளைப் படித்து அதிர்ந்ததுண்டு. அவற்றை எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அதே வேளையில், உடலில் அடிபட்ட தடயங்கள் இருந்து, காவலில் துன்புறுத்தப்பட்டதாகச் சிறைவாசி சொன்னால், அதை மறைப்பது ரகசியம் காப்பதாகாது. அவருக்குப் புதிய ஆபத்து நேராத வகையில், உரிய அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு.

இவற்றின் அடிப்படையில் நான் கேட்பவை இவை.

சிறைத்துறைத் தலைவர் அவர்களே, அந்தச் சுற்றறிக்கையை நிறுத்தி வைத்து, மனநலக் கேள்விகளைச் சீருடை அணிந்தவர் கேட்கக் கூடாது என்று எல்லாச் சிறைகளுக்கும், கிளைச் சிறைகள் உட்பட, எழுத்துமூலம் அறிவுறுத்துங்கள். மாலையில் அனுமதி நேரம் முடியும் வரை ஒரு செவிலியரையோ பயிற்சி பெற்ற மருந்தாளுநரையோ பணியில் வையுங்கள். பேசுவது வெளியே கேட்காத, பார்வை மட்டும் படும் ஓர் அறையை ஒதுக்குங்கள். கேள்விகளுக்கு முன்னால், “நீங்கள் சொல்வது மருத்துவமனையில் மட்டும் இருக்கும், உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தாலும், நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல வேண்டி வரலாம், வழக்கைப் பற்றி என்னிடம் சொல்ல வேண்டாம்” என்பதைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். மருத்துவக் கோப்பை வாரண்டுக் கோப்பிலிருந்து பிரித்து, சிறைவாசிகள் யாரும் எழுத்து வேலையாகக் கூட அதைத் தொடாதபடி செய்யுங்கள். முதல் வாரத்தில் திடீரென நடத்தை மாறிய எவரையும், மருத்துவ அலுவலர் பார்க்கும் முன் தனி அறைக்கு மாற்றக் கூடாது என்று உத்தரவிடுங்கள். காணொலி அறையை வாரத்தில் குறிப்பிட்ட நேரம் மனநல மருத்துவருக்குத் திறந்துவிடுங்கள்.

ஆணையத் தலைவர் அவர்களே, மூன்று மாத அறிக்கையோடு நான்கு எண்களையும் கேட்டு வாங்குங்கள்: எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் அன்றே மருத்துவப் பணியாளரால் பரிசோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள், பரிந்துரைத்ததற்கும் மருத்துவர் பார்த்ததற்கும் இடையே எத்தனை நாள். முன்னிரண்டு எண்களும் பொருந்தாத சிறைக்கும், பரிந்துரை பூஜ்யம் என்று எழுதும் சிறைக்கும் வாரிய உறுப்பினர்களை நேரில் அனுப்புங்கள். சிறை மருத்துவ அலுவலர்களுக்கு அடிப்படை மனநலச் சிகிச்சைப் பயிற்சி தர வேண்டும் என்ற, அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி, மது நிறுத்தச் சிகிச்சையையும் தற்கொலை அபாய மதிப்பீட்டையும் முதல் பாடமாக வைத்துப் பயிற்சி நடத்துங்கள். அந்தப் பயிற்சிக்குச் செவிலியர்களையும் அழையுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை எந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அடுத்த மூன்று மாத அறிக்கை வாரியத்துக்குப் போவதற்குள் சுற்றறிக்கை பற்றிய முடிவாவது வர வேண்டும்.

இப்படிக்கு,
மத்திய சிறை ஒன்றில் பணியாற்றிய மனநலச் சமூகப் பணியாளர்